ஆக்சுவரியாக இருப்பவரிடம் 20 நிமிடம் பேச நேரம் கேட்க வேண்டும்: இந்தக் கடிதம் சரியா?

தேன்மொழி_மதுரை | மார்ச் 26, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் பி.எஸ்சி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆக்சுவரி படிப்புக்கான ஏசெட் நுழைவுத் தேர்வில் தேறிவிட்டேன். இப்போது சிஎஸ்1 தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜூனில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எம்.எஸ்சி. சேர்வதா, அல்லது வேலை தேடிக்கொண்டே தாள்களை எழுதுவதா என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டிலோ கல்லூரியிலோ இந்த வேலையில் இருக்கும் யாரையும் எனக்குத் தெரியாது.

லிங்க்ட்இனில் ஒரு மேடத்தைப் பார்த்தேன். சென்னையில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் ரிசர்விங் பிரிவு மேலாளர், 12 வருட அனுபவம். அவரும் தென்மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் படித்தவர். அவரிடம் கொஞ்ச நேரம் போனில் பேச முடியுமா என்று கேட்கப் போகிறேன். ஆங்கிலத்தில்தான் அனுப்புவேன். நீங்கள் பார்ப்பதற்காக இங்கே தமிழில் போடுகிறேன்:

"மதிப்பிற்குரிய மேடம், நான் பி.எஸ்சி. புள்ளியியல் மாணவி. எனக்கு ஆக்சுவரி துறையில் மிகுந்த ஆர்வம் உண்டு. உங்கள் பயணம் எனக்கு ஊக்கமாக இருக்கிறது. இந்தத் துறையைப் பற்றியும் என் எதிர்காலத்தைப் பற்றியும் உங்கள் மேலான வழிகாட்டுதல் வேண்டும். என் ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். உங்கள் நிறுவனத்தில் ஏதேனும் வாய்ப்பு இருந்தாலும் தெரிவிக்கவும். உங்களுக்கு வசதியான நேரத்தில் பேசலாம்."

நாளைக்கே அனுப்பலாம் என்று இருக்கிறேன். மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

---

கோவை_சரவணன் | மார்ச் 26, இரவு 10:15

தங்கச்சி, நீளம் சரியாக இருக்கிறது, நல்லது. பெரிய கடிதத்தை யாரும் படிப்பதில்லை. நான் ஐடி துறையில் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். ரெஸ்யூம் கட்டாயம் இருக்கட்டும். அதைப் பார்த்துத்தான் நீ யார் என்றே அவருக்குத் தெரியும். அப்புறம் இதே கடிதத்தை ஒரே ஆளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதே. 40, 50 பேருக்கு அனுப்பு, இரண்டு மூன்று பேராவது பதில் போடுவார்கள். யாராவது ரெஃபரல் கொடுத்தால் அதுவே பெரிய விஷயம்.

---

ராஜபாளையம்_முத்து | மார்ச் 27, காலை 6:50

வாழ்த்துகள்மா. என் தம்பி மகனும் இந்த இன்ஷூரன்ஸ் பரீட்சையைத்தான் எழுதினான். பாஸ் ஆகி லைசென்ஸ் வாங்கி இப்போது நல்லபடியாகப் பாலிசி பிடிக்கிறான். முதலில் சொந்தக்காரர்களிடம் ஆரம்பி, பத்துப் பாலிசி வந்துவிட்டால் தைரியம் தானாக வரும். பேச நேரம் கேட்பதற்குக் கடிதம் எல்லாம் எதற்கு? கிளை அலுவலகத்துக்கு நேரில் போய் டெவலப்மெண்ட் ஆஃபீசரைப் பார்த்தால் உட்கார வைத்துப் பேசுவார்.

---

தேன்மொழி_மதுரை | மார்ச் 27, காலை 7:30

நன்றி ஐயா. நீங்கள் சொல்வது முகவர் தேர்வு. நான் எழுதுவது வேறு. பிரீமியம் எவ்வளவு வைக்க வேண்டும், இனி வரப்போகும் இழப்பீடுகளுக்கு நிறுவனம் எவ்வளவு பணம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்றெல்லாம் கணக்கிடுகிற வேலைக்கான தேர்வு. இந்திய ஆக்சுவரிகள் கழகம் நடத்துகிறது.

---

ஆழ்வார்குறிச்சிக்காரி | மார்ச் 27, பிற்பகல் 1:20

தேன்மொழி, நான் இதே வேலையில் இருக்கிறேன். பொதுக் காப்பீடு, ரிசர்விங், அதாவது இழப்பீடுகளுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று நீ சொன்ன அந்தக் கணக்கு. இதுபோன்ற கடிதங்கள் எனக்கு அடிக்கடி வரும். எதற்குப் பதில் போடுகிறேன், எதை அப்படியே விட்டுவிடுகிறேன் என்பதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் தேதியைப் பார். இன்று மார்ச் 27. நான்கு நாளில் நிதியாண்டு முடிகிறது. மார்ச் 31 நிலவரப்படி நிறுவனத்தின் எல்லாக் கிளெய்ம்களுக்கும் எவ்வளவு ஒதுக்கீடு வேண்டும் என்ற கணக்கை ஏப்ரலில் நாங்கள் முடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு தணிக்கையாளர் வந்து ஒவ்வொரு எண்ணையும் கேட்பார், இயக்குநர் குழுவுக்குப் போகும், ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகும். மே நடுவில்தான் மூச்சு விடுவோம். இந்தச் சமயத்தில் "உங்களுக்கு வசதியான நேரத்தில்" என்று ஒரு கடிதம் வந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்போம். அது அப்படியே கீழே போய்விடும். ரிசர்விங் ஆட்களுக்கு வருடம் முழுக்க இந்தத் தாளம்தான். ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களிலும் முதல் மூன்று வாரத்துக்குக் காலாண்டுக் கணக்கு ஓடும். கம்பெனிகளுக்குக் கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளப் பொறுப்பு கணக்கிட்டுக் கொடுக்கும் ஆலோசகர்களுக்கும் ஏப்ரல், மே இப்படித்தான் போகும்.

அதனால் அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போதே அனுப்பு, ஆனால் பேசும் தேதியை நீயே தள்ளி வை. "ஆண்டு முடிவுக் கணக்கு முடிந்தபின், மே 15க்குப் பிறகு" என்று எழுது. அந்த ஒரு வரியைப் பார்த்தாலே எங்கள் வேலை எப்படி ஓடுகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பெண் என்பது புரிந்துவிடும். எந்தப் பாராட்டு வார்த்தையும் அந்த வேலையைச் செய்யாது.

இரண்டாவது, "வழிகாட்டுதல்" என்று கேட்டால் எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது. உன் எதிர்காலத்தை முழுவதுமாக என் கையில் கொடுத்தது போல இருக்கிறது. 20 நிமிடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய ஒரு விஷயத்தைக் கேட்டால் உடனே சரி என்று சொல்ல முடியும்.

மூன்றாவது, ரெஸ்யூமையும் வாய்ப்பு பற்றிய வரியையும் எடுத்துவிடு. சரவணன் சார் சொல்வது வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சரி. இங்கே நீ கேட்பது பேச்சு. ரெஸ்யூம் வந்தவுடன் என் மனதில் இது எச்.ஆர். வேலை என்று ஆகிவிடும், அவர்களுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு என் பங்கு முடிந்தது என்று இருந்துவிடுவேன். நீ யார் என்பது கடிதத்தின் முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிட வேண்டும்.

ஆள் தேர்வு நன்றாக இருக்கிறது. நிறையப் பேர் நேராக, நிறுவனத்தின் ஆக்சுவரி வேலைக்கெல்லாம் பொறுப்பான நியமன ஆக்சுவரிக்கே எழுதுகிறார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் பொது வெளிப்படுத்தல் பக்கத்திலேயே அவர் பெயர் இருக்கும், கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் அவருடைய நாள் முழுக்க இயக்குநர் குழுவோடும் ஒழுங்குமுறை ஆணையத்தோடும் போகிறது. புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதம் என்ன செய்வார் என்பதை அவர் பக்கத்தில் இருந்து பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். மேலாளர் நிலையில் இருப்பவர்தான் புதியவர்களை எடுக்கிறார், அவரே பழக்குகிறார்.

---

கோவை_சரவணன் | மார்ச் 27, மாலை 6:05

ரெஸ்யூம் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன் மேடம், உங்கள் துறையில் நடப்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒரே ஆளை நம்பி இருக்கச் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. அவர் பதில் போடவில்லை என்றால் இந்தப் பெண்ணுக்கு ஜூன் வந்துவிடுமே?

---

ஆழ்வார்குறிச்சிக்காரி | மார்ச் 27, இரவு 8:10

ஒருவருக்கு மட்டும் வேண்டாம், சரிதான். ஆனால் 50 பேருக்கு ஒரே கடிதம் போகவும் கூடாது. இது சின்ன உலகம். ஒரே கடிதம் ஒரே குழுவில் மூன்று பேருக்கு வந்து, மதியச் சாப்பாட்டில் அதைப் பேசிக்கொண்ட நாளும் உண்டு. ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு ஏற்ற கேள்வியோடு எழுதட்டும். ஒரு நிறுவனத்தில் ஒருவர் போதும். பொதுக் காப்பீட்டில் ஸ்டார் ஹெல்த், சோழமண்டலம் எம்.எஸ்., ராயல் சுந்தரம், யுனைடெட் இந்தியா எல்லாவற்றுக்கும் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் பேச வேண்டும் என்றால் பெரும்பாலும் மும்பை ஆட்கள்தான்.

---

இளம்பரிதி | மார்ச் 27, இரவு 10:30

நான் ஏழு தாள் முடித்திருக்கிறேன், உடல்நலக் காப்பீட்டில் பிரீமியம் கணக்கிடும் பிரைசிங் பிரிவில் அனலிஸ்ட். எனக்கும் மாணவர்கள் எழுதுகிறார்கள். பாதிப் பேர் "ஹாய் சார்" என்று மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நான் "சொல்லுங்கள்" என்றால் அடுத்து ஒரு நீளமான பட்டியல் வருகிறது. மொத்தம் எத்தனை தாள், கட்டணம் எவ்வளவு, எந்த வரிசையில் எழுதுவது என்று எல்லாம். அத்தனையும் கழகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்களா என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

லிங்க்ட்இன் பற்றி ஒன்று. இலவசக் கணக்கில் இணைப்புக் கோரிக்கையோடு போடும் குறிப்பு 200 எழுத்துக்குள் அடங்க வேண்டும். மாதத்துக்குச் சில கோரிக்கைகளில்தான் அப்படிக் குறிப்பே சேர்க்க முடியும். தேன்மொழியின் கடிதம் அதில் அடங்காது. அந்தக் குறிப்பில் யார், எதற்கு என்று இரண்டு வரி மட்டும் போட்டு, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு முழுக் கடிதத்தை அனுப்பலாம். ஏற்றுக்கொண்டவுடன் அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து அனுப்பினால் யார் இது என்று மறந்துவிடும்.

---

ஓய்வு_பேராசிரியர் | மார்ச் 28, காலை 8:45

புள்ளியியல் துறையில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவன். ஒரு யோசனை சொல்கிறேன். அந்த அம்மையார் படித்த கல்லூரியின் துறைத் தலைவர் வழியாகப் போனால் மரியாதையாக இருக்கும். அறியாத ஒருவர் நேராக எழுதுவதைவிட ஆசிரியர் ஒருவர் அறிமுகப்படுத்தினால் மறுக்க மாட்டார்கள். அடுத்தது, இப்போதைய பிள்ளைகள் மூத்தவர்களைப் பெயர் சொல்லி எழுதுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. "மதிப்பிற்குரிய மேடம்" என்று எழுதியிருப்பதை மாற்ற வேண்டாம்.

---

இளம்பரிதி | மார்ச் 28, காலை 9:30

ஐயா, ஆசிரியர் அறிமுகம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் தேன்மொழி வேறு கல்லூரி. அந்தத் துறைத் தலைவரை யார் அறிமுகப்படுத்துவது? அதற்கே ஒரு மாதம் போய்விடும். பெயர் விஷயத்தில் இடம் பார்த்து நடந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். சென்னையில் மேடம், சார் என்றால் யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். குருகிராம், பெங்களூரில் இருக்கும் வெளிநாட்டு ஆலோசனை நிறுவனங்களுக்கு எழுதும்போது பெயர் போட்டு எழுதுவதுதான் அங்கே வழக்கம், "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்தால் அரசு அலுவலகத்துக்கு மனு போட்டதுபோல இருக்கும்.

---

தேன்மொழி_மதுரை | மார்ச் 28, இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. மேடம் என்றே வைத்துக்கொள்கிறேன் ஐயா. அக்கா, 20 நிமிடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய விஷயம் என்றீர்களே, அது எப்படி இருக்க வேண்டும்? ரிசர்விங் வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால் போதுமா?

---

ஆழ்வார்குறிச்சிக்காரி | மார்ச் 29, காலை 11:00

அது கொஞ்சம் அகலமான கேள்வி. அவர் நிறுவனத்தின் பொது வெளிப்படுத்தல் பக்கத்துக்குப் போய்ப் பார். எந்த வகைக் காப்பீட்டில் எவ்வளவு பிரீமியம், எவ்வளவு கிளெய்ம் என்று பிரிவு வாரியாக இருக்கும். வாகனக் காப்பீடு பெரிதாக இருக்கிறதா, உடல்நலம் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வாகனம் என்றால் அதில் மூன்றாம் நபர் காப்பீடு ஒரு தனி உலகம். அதன் அடிப்படை பிரீமியத்தை அரசே அறிவிக்கிறது, நிறுவனம் தன் விருப்பத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இழப்பீடோ மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் பல வருடம் நடக்கும். இந்த வருடம் நடந்த விபத்துக்கு எப்போது, எவ்வளவு கொடுப்போம் என்று தெரியாமலே இன்றைக்கு ஒரு தொகை ஒதுக்கி வைக்கிறோம். ரிசர்விங்கில் மிகக் கடினமான பகுதி இதுதான். இவ்வளவு புரிந்துகொண்டு, அதில் புதியவர் எந்தப் பகுதியைத் தொடுவார் என்று கேட்டால், அந்த மேடம் உன்னோடு ஆசையாகவே பேசுவார்.

பேசும்போது கேட்பதற்கு இன்னொன்று சொல்கிறேன், இதை யாரும் செய்வதில்லை. கருத்தைக் கேட்காதே, கடைசியாக நடந்ததைக் கேள். "எத்தனை தாள் முடித்தால் வேலை கிடைக்கும்?" என்று கேட்டால் நாங்கள் எல்லோரும் பொத்தாம் பொதுவாக "இரண்டு மூன்று இருந்தால் நல்லது" என்று சொல்லிவிடுவோம். "உங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் அப்போது எத்தனை தாள் முடித்திருந்தார், என்ன படித்திருந்தார், நேர்காணலில் அவருக்கு என்ன தேர்வு வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பார். பதில் சொல்பவர் ஒரு உண்மையான ஆளை நினைத்துப் பார்த்துச் சொல்வார். அதிலிருந்து நீயே முடிவுக்கு வரலாம். எம்.எஸ்சி. வேண்டுமா என்பதையும் நேராகக் கேட்காமல், குழுவில் எத்தனை பேர் எம்.எஸ்சி., எத்தனை பேர் பட்டப்படிப்போடு வந்தவர்கள் என்று கேள்.

---

கோவை_சரவணன் | மார்ச் 29, பிற்பகல் 2:40

இது அருமையான விஷயம். எங்கள் துறைக்கும் பொருந்தும். சம்பளம் கேட்கலாமா?

---

இளம்பரிதி | மார்ச் 29, மாலை 4:00

கேட்கலாம் என்பேன். அவர் சம்பளத்தை அல்ல, புதியவருக்கு எந்த அளவில் ஆரம்பிக்கிறது என்பதை. ஒவ்வொரு தாள் தேறும்போதும் சம்பளம் கூடுமா, தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் கொடுக்குமா, படிக்க விடுப்பு உண்டா என்பதும் சம்பளத்தோடு சேர்ந்ததுதான். வருடத்துக்கு இரண்டு தடவை தேர்வு வரும்போது இதெல்லாம் தெரியாமல் எப்படி முடிவெடுப்பது? வீட்டில் பணம் கட்டும் அப்பா அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

---

ஆழ்வார்குறிச்சிக்காரி | மார்ச் 29, மாலை 5:30

படிப்பு விடுப்பு, கட்டணம் இரண்டையும் தாராளமாகக் கேட்கலாம். ஆரம்பச் சம்பளத்தை முதல் பேச்சில் கேட்பதை நான் விரும்ப மாட்டேன். அதை உங்களைப் போல இப்போதுதான் சேர்ந்தவர்களிடம் கேட்டால் சரியான எண் கிடைக்கும். என் காலத்துச் சம்பளத்தைச் சொல்லி என்ன பயன்?

---

இளம்பரிதி | மார்ச் 29, மாலை 5:50

இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன் மேடம். யாரும் பேசாமல் இருப்பதால்தான் முதல் வேலையில் பிள்ளைகள் குறைவாக வாங்கிக்கொண்டு சேர்கிறார்கள்.

---

தேன்மொழி_மதுரை | மார்ச் 30, இரவு 8:20

மாற்றி எழுதியிருக்கிறேன். அந்த நிறுவனத்தின் வெளிப்படுத்தல்களைப் பார்த்தேன், வாகனக் காப்பீடுதான் பெரிய பங்கு.

"வணக்கம் மேடம். மதுரையில் பி.எஸ்சி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஏசெட் முடித்து, சிஎஸ்1 தாளுக்குப் படிக்கிறேன். இந்த ஜூனில் எம்.எஸ்சி. சேர்வதா, வேலை தேடிக்கொண்டே தாள்கள் எழுதுவதா என்று முடிவு செய்ய வேண்டும். நீங்களும் தென்மாவட்டத்தில் புள்ளியியல் படித்து ரிசர்விங் பிரிவுக்கு வந்தவர் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். மூன்றாம் நபர் வாகனக் காப்பீட்டில் வழக்குகள் பல வருடம் நீளும்போது, ரிசர்விங் குழுவில் புதிதாகச் சேர்பவர் அந்தக் கணக்கில் எந்தப் பகுதியைச் செய்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஆண்டு முடிவுக் கணக்கு முடிந்தபின், மே 15க்குப் பிறகு, ஏதாவது ஒரு நாள் போனில் 20 நிமிடம் தர முடியுமா? மாலை 6 மணிக்குப் பிறகோ சனிக்கிழமையோ எனக்கு எந்த நேரமும் சரி, நானே அழைக்கிறேன். வேலை கேட்டு எழுதவில்லை. நேரம் இல்லையென்றால் புரிந்துகொள்வேன்."

---

இளம்பரிதி | மார்ச் 30, இரவு 9:00

நன்றாக இருக்கிறது. "வேலை கேட்டு எழுதவில்லை" என்பதை மட்டும் எடுத்துவிடு. உனக்கு வேலை வேண்டும் என்பது உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிறகு மூன்று மாதத்தில் அங்கே ஓர் இடம் காலியானால் எந்த முகத்தோடு கேட்பாய்?

---

கோவை_சரவணன் | மார்ச் 30, இரவு 9:20

நானும் அதைத்தான் சொல்வேன். நாமாகவே ஏன் கதவைச் சாத்த வேண்டும்?

---

ஆழ்வார்குறிச்சிக்காரி | மார்ச் 31, காலை 7:10

எனக்கு அந்த வரி பிடித்திருக்கிறது. படித்தவுடன் எனக்கு ஒரு பாரம் குறையும், இந்தப் பெண்ணுக்கு நான் எதுவும் ஏற்பாடு செய்து தர வேண்டியதில்லை, தெரிந்ததைச் சொன்னால் போதும் என்று. ஆனால் தேன்மொழி, அது உண்மையாக இருந்தால் மட்டும் வை. போனில் பத்தாவது நிமிடத்தில் "ஏதாவது இன்டர்ன்ஷிப் இருக்கிறதா மேடம்" என்று கேட்பதாக இருந்தால் இப்போதே எடுத்துவிடு.

பதில் வரவில்லையென்றால் மே இரண்டாம் வாரம் ஒரே ஒரு நினைவூட்டல், இரண்டு வரி. அதற்கும் வராவிட்டால் விட்டுவிட்டு அடுத்தவருக்கு எழுது. இன்று எனக்கு 31, இனி கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரமாட்டேன்.

---

ராஜபாளையம்_முத்து | மார்ச் 31, காலை 8:00

நான் வேறு பரீட்சை என்று நினைத்துவிட்டேன், மன்னிக்கவும்மா. என் மகள் பிளஸ் டூ முடிக்கிறாள், கணக்கில் கெட்டி. இந்த ஏசெட்டை அவள் எழுத முடியுமா?

---

இளம்பரிதி | மார்ச் 31, காலை 8:40

பிளஸ் டூ முடித்தாலே எழுதலாம் ஐயா. மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் கணிதமும் புள்ளியியலும்தான். கழகத்தின் இணையதளத்தில் பாடத்திட்டம் இருக்கிறது, மகளையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்கென்று தனியாக ஓர் இழை தொடங்கினால் விவரமாகச் சொல்கிறேன்.

---

தேன்மொழி_மதுரை | மே 30, இரவு 10:05

நடந்ததைச் சொல்ல வந்தேன். அந்த வரியை வைத்தே அனுப்பினேன். ஏப்ரலில் மேடத்திடமிருந்து "மே மூன்றாம் வாரம் நினைவுபடுத்து" என்று ஒரே வரி வந்தது. நினைவுபடுத்தினேன், சனிக்கிழமை காலை நேரம் கொடுத்தார்.

முதல் கேள்வியாக மூன்றாம் நபர் விஷயத்தைக் கேட்டேன். அதிலேயே பாதி நேரம் போய்விட்டது, ஆனால் எனக்கு அதுதான் மிகவும் உதவியது. புதியவருக்கு முதல் சில மாதம் கணித மாடல் எதுவும் போட வேண்டியிருக்காதாம். கிளெய்ம் பிரிவின் கணினியிலிருந்து வரும் தொகையும் கணக்குப் பிரிவின் பேரேட்டில் இருக்கும் தொகையும் ஒன்றா என்று பார்த்து, வித்தியாசம் எங்கே வந்தது என்று தேடுவதுதான் வேலை. அது சரியான பிறகு, விபத்து நடந்த வருடம் ஒரு பக்கம், பணம் கொடுத்த வருடம் ஒரு பக்கம் என்று முக்கோண அட்டவணை போட வேண்டும்.

அவர் சொன்ன ஓர் உதாரணம்: ஒரு காலாண்டில் கொடுத்த இழப்பீடு திடீரென்று ஏறியிருந்தது. முக்கோணத்தை மட்டும் பார்த்தால் விபத்துகளின் செலவு கூடிவிட்டது போலத் தெரியும், ஒதுக்கீட்டையும் ஏற்றிவிடுவோம். விசாரித்தால், லோக் அதாலத்தில் பழைய வழக்குகள் மொத்தமாகச் சமரசத்தில் முடிந்திருக்கின்றன. பின்னால் கொடுக்க வேண்டிய பணம் முன்னாலேயே போய்விட்டது, அவ்வளவுதான். புதியவர் கிளெய்ம் பிரிவுக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும் என்றார். நேர்காணலில் எக்செல் தேர்வு வைக்கும்போது, எண் ஏன் மாறியது என்று கேள்வி கேட்கிறார்களா என்பதைத்தான் பார்ப்பாராம்.

கடைசியாகச் சேர்ந்தவர் பற்றிக் கேட்டேன். பி.எஸ்சி. தான், மூன்று தாள் முடித்திருந்தார். அதற்கு முன் உடல்நலக் காப்பீட்டுக் கிளெய்ம்களைக் கையாளும் நிறுவனம் ஒன்றில் தரவு வேலையில் ஒரு வருடம் இருந்திருக்கிறார். குழுவில் எம்.எஸ்சி. முடித்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களும் தாள்களை வைத்துத்தான் எடுக்கப்பட்டார்களாம்.

20 நிமிடம் ஆனதும் "நேரம் ஆகிவிட்டது மேடம்" என்றேன். அவரே இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். முடிக்கும்போது, வேறு யாரிடம் பேசினால் எனக்கு நல்லது என்று கேட்டேன். குழுவில் கடைசியாகச் சேர்ந்த அந்த அண்ணாவின் பெயரைச் சொல்லி, அவரிடம் தானே சொல்லி வைப்பதாகவும் சொன்னார். சம்பளத்தை இவரிடம் கேட்கவில்லை, அந்த அண்ணாவிடம் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

மறுநாள் நன்றிக் கடிதம் அனுப்பினேன். லோக் அதாலத் உதாரணத்துக்குப் பிறகு சிஎஸ்1 பாடத்தில் விலகல் மதிப்புகளைப் பற்றிய பகுதியை வேறு மாதிரிப் படிக்கிறேன் என்று எழுதினேன்.

---

ஆழ்வார்குறிச்சிக்காரி | மே 31, காலை 9:15

நன்றியில் அதை எழுதியது மிகவும் சரி. இனி அடிக்கடி எழுதாதே. சிஎஸ்1 முடிவு வந்ததும் தேறினாலும் தேறாவிட்டாலும் இரண்டு வரி எழுது. அந்த அண்ணாவுக்கு இந்த வாரமே எழுதிவிடு. ஜூன் கடைசியில் மறுபடி காலாண்டு முடிகிறது.

---

ஓய்வு_பேராசிரியர் | மே 31, பிற்பகல் 12:30

மகிழ்ச்சி. ஆனால் ஒருவர் பி.எஸ்சி.யோடு சேர்ந்தார் என்பதை வைத்து எம்.எஸ்சி.யை விட்டுவிட வேண்டாம் அம்மா. தாள்கள் தடைப்பட்டால் அந்தப் பட்டம்தான் கை கொடுக்கும். கற்பிக்கவும் போகலாம், ஆராய்ச்சிக்கும் போகலாம்.

---

இளம்பரிதி | மே 31, மாலை 7:40

ஐயா சொல்வதில் நியாயம் உண்டு. எங்கள் குழுவில் கதை வேறு, கடைசியாக வந்த இருவரும் எம்.எஸ்சி., கல்லூரி வளாகத்திலேயே எடுக்கப்பட்டவர்கள். ஒருவரிடம் பேசியதை வைத்து முடிவெடுக்காமல், பிரைசிங் பக்கம் இருக்கும் ஒருவரிடமும் பேசு தேன்மொழி. வேண்டுமானால் என் மேலாளரிடம் நான் கேட்டுப் பார்க்கிறேன்.

---

தேன்மொழி_மதுரை | மே 31, இரவு 9:00

கேளுங்கள் அண்ணா, மிக்க நன்றி. எம்.எஸ்சி. விண்ணப்பத்தைப் போட்டு வைக்கிறேன் ஐயா, இன்னும் முடிவு செய்யவில்லை. பிரைசிங் மேலாளரிடம் எதைக் கேட்பது என்று இரண்டு நாளில் இங்கே போடுகிறேன். உங்கள் நிறுவனத்தின் வெளிப்படுத்தல்களை முதலில் படித்துவிடுகிறேன்.